பெயர்ப்பலகையில் ஆளா, கருத்தா

நான் கூட்டாளியாக இருந்த முதல் சட்ட அலுவலகத்தின் பெயர் இரண்டு பேருடைய பெயர்களால் ஆனது. முதலில் என் சீனியருடைய பெயர், அதன் பிறகு என்னுடைய பெயர். ஏழாவது ஆண்டில் அவர் விலகித் தனியே தொழில் நடத்தப் போனார். எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இருக்கவில்லை. கட்சிக்காரர்கள் திடீரென்று குழம்ப வேண்டாம் என்று நினைத்து, ஓராண்டு வரை பழைய பெயரே இருக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அதை எழுத்தில் கூட வைக்கவில்லை.

அவர் போய் ஐந்து மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் அவருடைய பெயரும் எங்கள் அலுவலக முகவரியும் எழுதப்பட்டிருந்தன. அவருக்குத் தனிப்பட்ட முறையில் வரும் கடிதங்களைப் பிரிக்காமல் எடுத்து வைப்பதும், இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை அவருடைய ஆள் வந்து அவற்றை வாங்கிப் போவதும் எங்கள் குமாஸ்தாவின் வழக்கமாகியிருந்தது. அந்த உறைக்குள் ஒரு பழைய கட்சிக்காரர் தமக்கு எதிரான தீர்ப்பின் நகலை வைத்து, மேல்முறையீடு செய்யும்படி கேட்டிருந்தார். கடிதம் எங்களிடம் வந்த நாளில் மேல்முறையீட்டுக்கு ஒன்பது நாட்கள் மீதம் இருந்தன. உறை பிரிக்கப்பட்டது பன்னிரண்டாவது நாளில்.

தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டோம். நீதிமன்றம் செலவுத்தொகை கட்டச் சொல்லி ஏற்றுக்கொண்டது, தொகையை நான் கட்டினேன். அந்தக் கட்சிக்காரர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பலகையில் அவர் பெயர் இருந்ததே ஐயா, அதனால்தான் இங்கே அனுப்பினேன்” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆள் அங்கே இல்லாதபோதும் ஆள் இருப்பதாக எங்கள் பலகை அவரிடம் சொல்லியிருக்கிறது, அவர் அதை நம்பியிருக்கிறார்.

சிறிய சட்ட நிறுவனத்திற்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எது கம்பீரமாக ஒலிக்கிறது, எது நினைவில் நிற்கிறது என்பதையே பேசுகிறோம். அந்தக் கடிதத்திற்குப் பிறகு நான் கேட்பது வேறு கேள்வி. பெயரில் இருப்பவர்களில் ஒருவர் நாளைக்கே வெளியேறினால், அந்தப் பெயர் அதற்கு மறுநாள் என்ன சொல்லிக்கொண்டிருக்கும்? கூட்டாளிகளின் பெயருக்கும், ஆளைச் சுட்டாமல் ஒரு சொல்லையோ எண்ணத்தையோ வைக்கும் கருத்துப் பெயருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அந்த நாளில்தான் தெரிகிறது என்பது என் அனுபவம். இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள அலுவலகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நூறு பேர் உள்ள நிறுவனத்தில் பெயருக்குரியவர் போனாலும் தொண்ணூற்றொன்பது பேர் மிஞ்சுகிறார்கள். எங்களிடத்தில் பாதி அலுவலகமே போயிருந்தது.

கூட்டாளிகளின் பெயரை வைப்பது முதலில் ஒரு பொறுப்பை அறிவிக்கிறது. என் பெயர் பலகையில் இருக்கிறது, ஆகவே இந்த வேலைக்கு நான் பதில் சொல்வேன் என்பதே அதன் பொருள். இந்தப் பொருளை வெறும் மரியாதைப் பேச்சாக விட்டுவிடாமல் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1890-ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், அதை ஒட்டி எழுந்த 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. ஒருவர் தாமாகவே தம்மைக் கூட்டாளி என்று காட்டிக்கொண்டாலோ, பிறர் அப்படிக் காட்டுவதைத் தெரிந்தே அனுமதித்தாலோ, அதை நம்பி அந்த நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவருக்கு அவர் கூட்டாளியைப் போலவே பொறுப்பாவார். விலகிய கூட்டாளியும் தாம் விலகியதை முறைப்படி அறிவிக்கும் வரை வெளியாரைப் பொறுத்தவரை கூட்டாளியாகவே கருதப்படக்கூடும். அதாவது என் சீனியர் நல்லெண்ணத்தில் தம் பெயரை விட்டுச் சென்றபோது, தாம் இல்லாத இடத்தில் நான் செய்யக்கூடிய பிழைகளுக்குத் தம்மையும் உட்படுத்தும் ஆபத்தை விட்டுச் சென்றிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்குக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக் கொடுத்த அவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இறந்துபோன கூட்டாளியின் நிலை சற்று வேறானது. மேலே சொன்ன இரண்டு பிரிவுகளுமே, இறந்தவரின் பெயர் நிறுவனத்தின் பெயரில் தொடர்வதால் மட்டும் அவர் விட்டுச் சென்ற சொத்து பிற்காலக் கடன்களுக்குப் பொறுப்பாகாது என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் பணப் பொறுப்பு தீர்ந்துவிட்டால் பொருள் பற்றிய கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. இறந்தவரின் பெயரைப் பார்த்து வருகிறவர் யாரைத் தேடி வருகிறார்?

இந்தக் கேள்வி 1979-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் முன் நேரடியாகவே வந்தது. இரண்டு சட்ட நிறுவனங்கள் மறைந்த தங்கள் கூட்டாளிகளின் பெயர்களைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி கேட்டன. நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத் தொழில் ஒரு வணிகம் அன்று என்பதும், வழக்கறிஞரின் நற்பெயர் அவருடைய தனிப்பட்ட திறமையோடு பிணைந்தது என்பதும், மறைந்தவரின் பெயர் பொதுமக்களைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதும் அந்த முடிவின் பின்னால் இருந்த எண்ணங்கள். பிறகு 1988-இல் வந்த தொழில்நெறி விதிகள் இதைத் தளர்த்தின. மறைந்தவரின் பெயரைத் தொடரலாம், ஆனால் அவர் மறைந்துவிட்டார் என்பதை நிறுவனம் தன் எல்லாக் கடிதப் போக்குவரத்திலும் குறிப்பிட வேண்டும் என்றன. இந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பெயரை அழிக்கச் சொல்லாமல், பெயர் சொல்லும் செய்தியை மட்டும் அது திருத்துகிறது.

அதே 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்த ஒரு வழக்கைத் தீர்த்தது. அது வழக்கறிஞர்களைப் பற்றியதன்று, டெக்சாஸ் மாநிலத்தின் கண் பரிசோதகர்களைப் பற்றியது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு வணிகப் பெயரில் தொழில் நடத்துவதை அந்த மாநிலச் சட்டம் தடை செய்திருந்தது. நீதிமன்றம் தடையை ஏற்றுக்கொண்டது. வணிகப் பெயருக்குத் தனக்கென்று ஒரு பொருள் இல்லை, நாளடைவில் மக்கள் அதனோடு ஒரு தரத்தையும் சில ஆட்களையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த ஆட்கள் அனைவரும் மாறிப்போன பின்பும் பெயர் மட்டும் மாறாமல் நிற்கலாம் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு நீதிமன்றம் ஆள் பெயரைக் கண்டு அஞ்சியது, இன்னொன்று ஆளில்லாத பெயரைக் கண்டு அஞ்சியது. ஆனால் இரண்டின் அச்சமும் ஒன்றுதான். நம்பி வருகிறவர் எந்தக் கையை நம்பி வந்தாரோ அந்தக் கை உள்ளே இல்லாமல் போகலாம். ஆகவே ஆள் பெயர் நேர்மையானது, கருத்துப் பெயர் ஒளித்து வைப்பது என்று பழைய தலைமுறை வழக்கறிஞர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை. எந்த வகைப் பெயரும் காலப்போக்கில் பொய்யாகலாம். ஆள் பெயர் ஒருவர் வெளியேறிய அன்றே பொய்யாகிறது, அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கருத்துப் பெயர் மெல்ல மெல்லப் பொய்யாகிறது, அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

தொழிலின் விதிகளும் இந்த அச்சத்தை ஒட்டியே நகர்ந்து வந்திருக்கின்றன. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 1969-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, வழக்கறிஞர் வணிகப் பெயரில் தொழில் நடத்துவதையே தடுத்தது. 1983-இன் மாதிரி விதிகள் அதைத் தளர்த்தி, பெயர் யாரையும் தவறாக எண்ணச் செய்யக்கூடாது என்ற ஒரே அளவுகோலை வைத்தன. ஆயினும் நியூயார்க் மாநிலம் 2020 வரை பழைய தடையைக் கைவிடவில்லை. இந்தியாவில் வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி, பெயர்ப்பலகையின் அளவு மிதமாக இருக்க வேண்டும் என்பதோடு, குறிப்பிட்ட ஒரு துறையில் தனித்தேர்ச்சி உள்ளவர் என்று பலகை காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. இத்தகைய விதி உள்ள இடத்தில் துறையைச் சொல்லும் கருத்துப் பெயர் வைக்க முயல்கிறவர், பலகை எழுதுவதற்கு முன்பே தம் மன்றத்தின் விதிகளைப் படித்துவிடுவது அவசியம்.

இனி என் இரண்டாவது அலுவலகத்திற்கு வருகிறேன். சீனியர் விலகிய பிறகு நான்கு ஆண்டுகள் என் பெயரில் மட்டுமே நடத்தினேன். பிறகு வேறு இருவரோடு சேர்ந்து புதிய கூட்டாண்மை தொடங்கத் திட்டமிட்டோம். மூவருமே ஏறக்குறைய ஒத்த வயதினர். பெயர்ப் பேச்சு எழுந்ததும் எங்களில் ஒருவர் மூன்று பெயர்களையும் வைக்கலாம் என்றார், மற்றவர் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை வைக்கலாம் என்றார். நான் பெயரை விட்டுவிட்டு முதலில் ஒரு கணக்கு எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் சிறிது வியப்போடு ஒப்புக்கொண்டார்கள்.

கணக்கு மிக எளியது. கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் மூவரிடமும் புதிதாக வந்த கட்சிக்காரர்களின் பட்டியலை எடுத்தோம். மொத்தம் அறுபது பேர். ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரே ஒரு விவரத்தை எழுதினோம். முதன்முதலில் தொலைபேசியிலோ நேரிலோ வந்தபோது அவர்கள் யாரைக் கேட்டார்கள்? குறிப்பிட்ட வழக்கறிஞரைப் பெயர் சொல்லிக் கேட்டார்களா, அல்லது தங்கள் பிரச்சினையைச் சொல்லி இதை யார் பார்ப்பீர்கள் என்று கேட்டார்களா? முதல் வகையில் இருபத்திரண்டு பேர், இரண்டாம் வகையில் முப்பத்தெட்டு பேர். அந்த முப்பத்தெட்டு பேரில் பெரும்பாலோர் குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் தொழில்களின் ஒப்பந்த வேலைக்காகவும் பாகப்பிரிவினைக்காகவும் கணக்காளர்கள் அனுப்பி வந்தவர்கள்.

இதே கணக்கை என் பழைய அலுவலகத்திற்கு நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அங்கே வந்தவர்களில் பெரும்பங்கினர் என் சீனியரின் குறுக்கு விசாரணைக்காகவே வந்தவர்கள், கதவைத் திறந்ததும் அவர் இருக்கிறாரா என்றே கேட்பார்கள். அங்கே அவர் பெயர் பலகையில் இருந்தது முற்றிலும் பொருத்தம், ஏனென்றால் விற்பனையானது அவருடைய திறமை. அந்த அலுவலகத்திற்கு ஒரு கருத்துப் பெயர் வைத்திருந்தால், அவர் போன பிறகும் பெயர் மட்டும் அப்படியே இருந்து, அவருடைய குறுக்கு விசாரணையை எதிர்பார்த்து வந்தவர்களை என்னிடம் கொண்டு வந்து சேர்த்திருக்கும். அது அந்தக் கடிதத்தைவிடப் பெரிய பிழையாக இருந்திருக்கும். கடிதம் எழுதியவருக்குத் தாம் யாரைத் தேடினோம், அவர் எங்கே இல்லை என்பதாவது தெரிந்தது.

ஆகவே நான் வந்து சேர்ந்த அளவுகோல் இது. ஒரு கட்சிக்காரரின் வழக்குக் கட்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றினால் அவர் மனம் மாறாமல் இருப்பாரா? மாறாமல் இருப்பார் என்றால் கருத்துப் பெயர் பொருந்தும். எழுந்து போய்விடுவார் என்றால் அந்த ஆளின் பெயரே பலகையில் இருக்க வேண்டும். நிறுவுகிறவர்கள் வருங்காலத்தில் தாங்கள் எப்படிப்பட்ட நிறுவனமாக ஆக விரும்புகிறோம் என்பதைப் பெயராக வைக்கிறார்கள், இன்று வேலை எப்படி வருகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நான் கண்ட தவறான பெயர்களில் பெரும்பாலானவை இதில்தான் தவறின.

எங்கள் கணக்கு கருத்துப் பெயரின் பக்கம் சாய்ந்தது. எந்தக் கருத்து என்பதில் இன்னும் இரண்டு மாதங்கள் போயின. அந்த இரண்டு மாதங்களில் நான் சொற்களைப் பற்றிக் கற்றது அதற்கு முன் இருபது ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம் என்று தோன்றுகிறது.

முதலில் வந்த சொல் துலாக்கோல். அழகான சொல், எல்லோருக்கும் உடனே பிடித்தது. மூன்று நாட்கள் கழித்து அதைச் சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். துலாக்கோல் நீதிபதியின் கையில் இருக்க வேண்டியது. வழக்கறிஞர் ஒரு தட்டில் நிற்பவர், தம் கட்சிக்காரரின் தட்டு தாழ வேண்டும் என்று உழைப்பவர். நடுநிலை என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. சமரசம் செய்து வைப்பவர்களுக்கு அது சரியான பெயர். ஆனால் பாகப்பிரிவினையில் அண்ணனுக்காக நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது, தம்பி அந்தப் பலகையைப் பார்த்து இவர்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பார் வழக்கறிஞர் இல்லாமல் வரும்போது நாங்கள் யாருடைய வழக்கறிஞர் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அந்தக் கடமைக்கு எதிராகப் பலகை பேசக்கூடாது.

நீதி என்ற சொல்லோடு எதைச் சேர்த்தாலும் அது ஏதோ அரசு அலுவலகம் போலவோ இலவச சட்ட உதவி மையம் போலவோ ஒலித்தது. ஊரின் பெயரோடு சட்ட மையம் என்று சேர்த்தால் அந்த ஐயம் இன்னும் வலுக்கும். அமெரிக்க மாதிரி விதிகளின் விளக்கவுரையே இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. இடப்பெயரோடு சட்ட மையம் என்பது போல வைத்தால், இது பொது நிதியில் நடக்கும் சட்ட உதவி அமைப்பு அன்று என்று வெளிப்படையாக எழுத வேண்டி வரலாம் என்கிறது. பெயர் வைத்த கையோடு அந்தப் பெயருக்கு மறுப்பும் எழுத வேண்டிய நிலை வருமானால் பெயரை மாற்றுவதே மேல்.

வெற்றி, அரண் போன்ற சொற்களை ஒருவர் சொன்னார். வெற்றியை அன்றே விலக்கிவிட்டோம், ஏனென்றால் எந்த வழக்கறிஞரும் முடிவை வாக்களிக்கக்கூடாது, பெயரால் வாக்களிப்பதும் வாக்களிப்பதே. அரண் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்தச் சொல்லை அதே பொருளில் காப்பீட்டுக்காரர்களும் காவல் பணி நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள முடியும். வணிகக்குறிச் சட்டங்களில் பொதுவாக உள்ள ஒரு கோட்பாடு இங்கே உதவியது. ஒரு தொழிலை நேரடியாக விவரிக்கும் சொல்லைத் தனி உரிமையாகப் பெறுவது கடினம், அந்தத் தொழிலோடு தொடர்பில்லாத சொல்லைப் பெறுவது எளிது. நீதி, சட்டம், உரிமை போன்றவை வழக்கறிஞர் எல்லோருக்கும் பொதுவான சொற்கள், அவற்றை நாங்கள் எடுத்துக்கொண்டால் நாளை பக்கத்துத் தெருவில் வேறொருவர் எடுத்துக்கொள்வதைத் தடுக்க முடியாது. ஆள் பெயரும் இந்த வகையில் வலுவானதன்று. அதே பெயருள்ள இன்னொரு வழக்கறிஞர் தம் சொந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் நடத்துவதைத் தடுப்பது அரிது.

கடைசியில் சட்டத்தோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் எங்கள் வேலையின் இயல்பைத் தொலைவிலிருந்து சுட்டும் ஒரு சாதாரணச் சொல்லைத் தேர்ந்தோம். அதை இங்கே எழுதினால் கட்டுரை விளம்பரமாகிவிடும் என்பதால் எழுதவில்லை. தேர்வுக்குப் பிறகு நாங்கள் செய்த ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். எங்கள் குமாஸ்தாவிடம் அந்தப் பெயரைச் சொல்லித் தொலைபேசியை எடுக்கச் சொன்னோம், பிறகு ஒரு வக்காலத்தின் மேல் அதைக் கையால் எழுதச் சொன்னோம், பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அந்தப் பெயரைச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தோம். மூன்றிலும் இடறவில்லை. மூன்று ஆள் பெயர்களைக் கோத்து வைத்திருந்தால் இந்தச் சோதனையில் இரண்டு பெயர்கள் காணாமல் போயிருக்கும். நீளமான பெயரை யாரும் முழுவதும் சொல்வதில்லை. முதல் பெயரோடு நிறுத்திவிடுவார்கள், அதன் பிறகு இரண்டாமவரும் மூன்றாமவரும் தங்கள் சொந்த அலுவலகத்திலேயே முதலாமவரிடம் வேலை செய்பவர்கள் போல ஆகிவிடுவார்கள். பெயர் வரிசை பற்றிய சண்டையைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும். என் முதல் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளும் நான் இரண்டாவது பெயராக இருந்தேன். என்னை நேரடியாகப் பெயர் சொல்லி அழைத்த கட்சிக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு பெயர்கள் சமமாக நிலைத்த இடங்களும் உண்டு. 1889-இல் இரண்டு பேர் தொடங்கிய ‘ஸ்லாட்டர் அண்ட் மே’ இன்றும் அதே இரண்டு பெயர்களோடு இருக்கிறது. 1987-இல் ‘கவர்ட் சான்ஸ்’, ‘கிளிஃபர்ட்-டர்னர்’ என்ற இரு நிறுவனங்கள் இணைந்தபோது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெயரை எடுத்து ‘கிளிஃபர்ட் சான்ஸ்’ ஆயின. ஆனால் இவற்றில் பெயருக்குரிய ஆட்கள் எப்போதோ போய்விட்டார்கள், இன்று யாரும் அவர்களைத் தேடி வருவதில்லை. ஆள் பெயர் நீண்ட காலத்தில் தானே கருத்துப் பெயராகிவிடுகிறது. அந்த நீண்ட காலத்தைக் கடந்துவிட்ட பெரிய நிறுவனத்தைப் பார்த்து, ஆள் பெயர் எந்தச் சிக்கலும் தராது என்று சிறிய அலுவலகம் முடிவு செய்வது சரியன்று. இடைப்பட்ட ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பதே நம்முடைய சிக்கல்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தனியாகத் தொழில் நடத்தும் ஒருவர் தம் பெயருக்குப் பின்னால் ‘அண்ட் அசோசியேட்ஸ்’ என்று சேர்ப்பது மிகப் பரவலானது. உள்ளே வேறு வழக்கறிஞர் எவரும் இல்லாதபோது அந்தச் சேர்க்கை உண்மையன்று. பல இடங்களில் அது விதிமீறலாகவே பார்க்கப்படுகிறது. கட்சிக்காரர் அதைப் படித்து, இவருக்கு உடல்நலம் கெட்டால் இன்னொருவர் வாய்தாவுக்குப் போவார் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை முறியும் நாள் வந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

அலுவலகத்தின் உள்ளே இருப்பவர்களிடமும் பெயர் பேசுகிறது, இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். என் முதல் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் ஜூனியராக இருந்த ஒரு பெண் இருந்தார். கட்டுகளைப் படிப்பதில் எங்கள் இருவரையும் விட நுட்பமானவர். ஒரு மாலை, கூட்டாளியாக ஆனால் தம் பெயரும் பலகையில் வருமா என்று என் சீனியரிடம் நேராகவே கேட்டார். இரண்டு பெயருக்கு மேல் போனால் பலகை நீளும் என்று அவர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அந்தப் பெண்ணுக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்பதை நாங்கள் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் போய்விட்டார். ஆள் பெயர் வைத்தவர்கள், அதில் புதிய பெயர் எப்போது, எந்த நிபந்தனையில் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால், அந்தப் பலகை பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு மூடிய கதவு.

கருத்துப் பெயர் இந்தக் கதவைத் திறந்து வைக்கிறது, ஆனால் வேறொன்றை இழக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எங்கள் நோட்டீஸ் போகும்போது பெயரைப் பார்த்து அவருக்கு எந்த முகமும் நினைவுக்கு வருவதில்லை. ஓர் ஆளின் பெயர் ஏற்படுத்தும் எச்சரிக்கையை ஒரு சொல் ஏற்படுத்துவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். முதல் மூன்று ஆண்டுகள் எங்கள் நோட்டீஸ்களுக்குப் பதில் வருவது தாமதமானது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. கையெழுத்துக்குக் கீழே எங்கள் பெயரைப் பெரிதாக அச்சிடத் தொடங்கிய பிறகுதான் அது ஓரளவு மாறியது.

அதனால் எங்கள் லெட்டர்பேட் இப்போது இப்படி இருக்கிறது. மேலே கருத்துப் பெயர். அதன் கீழே கூட்டாளிகள் ஒவ்வொருவரின் முழுப்பெயரும் சேர்ந்த ஆண்டும், ஒரு வரிக்கு ஒருவராக. ஒருவர் விலகினால் அந்த வரி அன்றே நீங்க வேண்டும், முப்பது நாட்களுக்குள் நடப்பிலுள்ள கட்டுகளின் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விலகியவர் பெயருக்கு வரும் எந்த உறையையும் வந்த நாளிலேயே பிரித்துப் பார்க்க மற்றவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறோம். அந்தக் கடைசி வாசகம் ஏன் என்று மற்ற இருவரும் கேட்கவில்லை, பன்னிரண்டாவது நாளின் கதையை அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தேன். கட்சிக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்புதல் கடிதத்தில், இந்தக் கட்டை யார் நடத்துவார், அவர் இல்லாதபோது யார் நடத்துவார் என்ற இரண்டு பெயர்களை மையால் எழுதுகிறோம்.

இந்த ஆண்டு இறுதியில் எங்களில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய முப்பத்தொரு கட்டுகளின் கட்சிக்காரர்களுக்குக் கடிதங்கள் தயாராகிவிட்டன. அவர்களில் எட்டுப் பேர் தொடக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்தவர்கள், அவர்களுக்கு மட்டும் கடிதம் போவதற்கு முன்பு அவரே நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். லெட்டர்பேடில் அவருடைய வரி போன இடத்தில், முன்பு எங்களை விட்டுப் போன அந்த ஜூனியரின் பெயர் வர வேண்டும் என்பது என் விருப்பம். கேட்டிருக்கிறேன். பலகையில் எழுதியிருப்பது யாருடைய பெயரும் அல்ல என்பதை அவர் முதலில் வந்து பார்க்க வேண்டுமாம்.